பாட்டி எத்தனை பேர்?

ஆறாம் வகுப்புப் பிள்ளை 'மை கிராண்ட்மதர்' என்று ஒரு பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறது. பெற்றவர்களுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்குத்தான் வரும். நடை நன்றாக இருக்கிறதா என்று அவர்களால் சொல்ல முடியாமல் போகலாம். ஆனால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கும் ஒரு வகைத் தவறை அவர்களே பிடித்துவிட முடியும். எழுவாய் ஒருமையா பன்மையா என்பதற்கு ஏற்ப வினைச்சொல் அமைந்திருக்கிறதா என்பதுதான் அது. பள்ளியில் இதை 'சப்ஜெக்ட்-வெர்ப் அக்ரிமென்ட்' என்பார்கள்.

தமிழில் இந்தப் பொருத்தம் வந்தான், வருகிறாள், வருவார்கள் என்று முக்காலத்திலும் வினையின் கடைசியில் தெரியும். ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில்தான் தெரியும். ஆகவே கட்டுரை போன வாரம் போய்வந்த சுற்றுலாவைப் பற்றியது என்றால், வாஸ், வேர் என்ற இரண்டு சொற்களைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. பாட்டி தினமும் என்ன செய்கிறார் என்று எழுதும்போதுதான் வேலை இருக்கிறது.

அந்த வேலை எஸ் என்ற ஓர் எழுத்தைச் சுற்றியது. பெயர்ச்சொல்லின் கடைசியில் எஸ் வந்தால் பன்மை. வினைச்சொல்லின் கடைசியில் வந்தால் ஒருமை. எந்தப் புண்ணியவான் ஏற்பாடோ, நமக்குச் சௌகரியமாகப் போயிற்று. பெரும்பாலும் இரண்டில் ஒன்றில்தான் எஸ் இருக்கும்: 'மை பிரதர் ஹெல்ப்ஸ்', 'மை பிரதர்ஸ் ஹெல்ப்'. பிள்ளை 'மை கிராண்ட்மதர் லிவ்' என்று எழுதியிருந்தால் எந்தப் பக்கமும் எஸ் இல்லை; 'மை பிரதர்ஸ் ஹெல்ப்ஸ்' என்றால் இரண்டு பக்கமும் இருக்கிறது. இரண்டுமே தவறு. ஐ, யூ என்ற சொற்களோடு வரும் வினைக்கு எஸ் கிடையாது. சில்ரன், பீப்பிள் போன்றவை எஸ் இல்லாமலே பன்மை. இந்த விலக்குகளை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

சிக்கல் நீளமான வாக்கியத்தில்தான். 'தி லீவ்ஸ் ஆஃப் தி நீம் ட்ரீ ஃபால்ஸ் இன் தி யார்ட்' என்று பிள்ளை எழுதுகிறது. வினைக்குப் பக்கத்தில் 'ட்ரீ' நிற்கிறது. மரம் ஒன்றுதானே என்று 'ஃபால்ஸ்' போட்டுவிட்டது. இங்கே ஆங்கிலம் தெரியாதவருக்குத் தமிழே கைகொடுக்கும். "இதைத் தமிழ்ல சொல்லு கண்ணு" என்று கேளுங்கள். "வேப்பமரத்தோட இலையெல்லாம் வாசல்ல விழுது" என்பாள். "எது விழுது? மரமா, இலையா?" என்றால் "ஐயோ, இலைம்மா!" என்று சிரிப்பாள். எழுவாய் லீவ்ஸ் என்பது தெரிந்துவிட்டது. அதில் எஸ் இருக்கிறது, ஆகவே வினை 'ஃபால்'. 'ஒன் ஆஃப் ஹெர் கோட்ஸ் ஃபாலோ மி' என்ற வரியும் அப்படியே. "பாட்டியோட ஆடுகள்ல ஒண்ணு என் பின்னாடியே வருது" என்று தமிழில் வரும்போது, வருவது ஒன்றுதான் என்று விளங்கும். அங்கே 'ஃபாலோஸ்' வேண்டும்.

ஆனால் எது எழுவாய் என்பதை மட்டும்தான் தமிழிடம் கேட்க வேண்டும். ஒன்றா பலவா என்பதை ஆங்கிலச் சொல்லில் பார்ப்பதே நல்லது. பேச்சுத் தமிழில் ஒரு மாடும் 'வருது', பத்து மாடும் 'வருது'தான். மனிதர் விஷயத்தில் நேர்மாறு. பாட்டி ஒருவர்தான் என்றாலும் 'போறாங்க' என்கிறோம். நாலு பேர் போனாலும் அதே 'போறாங்க'. இந்த மரியாதைப் பன்மை அப்படியே ஆங்கிலத்துக்குத் தாவி, 'மை கிராண்ட்மதர் ஆர் வெரி கைண்ட்' என்று வந்து நிற்கும். ஆங்கில வினை மரியாதை பார்க்காது, தலையைத்தான் எண்ணும். பாட்டி எத்தனை பேர் என்று கேட்டால் பிள்ளையே 'இஸ்' என்று திருத்திவிடும். எல்லாரும் என்ற பொருளில் வரும் 'எவ்ரிபடி' இதற்கு எதிர்ப்பக்கம் ஏமாற்றும். தமிழில் அது பன்மை, ஆங்கிலத்தில் ஒருமை: 'எவ்ரிபடி லைக்ஸ் ஹெர்'.

எஸ் எண்ணும் முறைக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. அதை நன்றாகப் பிடித்துக்கொண்ட பிள்ளை 'ஷீ டஸ் நாட் ட்ரிங்க்ஸ் காபி' என்று எழுதும். டஸ் என்பதிலேயே எஸ் வந்துவிட்டது, பின்னால் வரும் வினைக்கு இன்னொன்று கிடையாது. கேன், வில் போன்றவற்றுக்குப் பின்னாலும் வெறும் வினைதான்: 'ஷீ கேன் குக்'.

'மை ஃபேமிலி' என்று தொடங்கும் வரியில் மட்டும் முடிவெடுக்க வேண்டாம். குடும்பத்தை ஓர் அலகாக நினைத்து இஸ் போடுவது வழக்கம். ஆட்களாக நினைத்து ஆர் போடுவதும் பிரிட்டிஷ் வழக்கில் உண்டு. பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு ஆசிரியரிடமே விட்டுவிடலாம்.