ஷோரன்னர்: தொடரின் கடைசிச் சொல் யாருடையது?

சினிமாவில் இயக்குநர் வைத்ததுதான் சட்டம் என்று பழகிய நமக்கு, அமெரிக்கத் தொடர்களின் நடைமுறை கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும். 'பிரேக்கிங் பேட்' தொடரில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் இயக்குநர் மாறினார். முதலிலிருந்து கடைசிவரை மாறாதவர், தொடரை உருவாக்கிய எழுத்தாளர் வின்ஸ் கில்லிகன். அவர்தான் ஷோரன்னர்.

அவர் வேலை பெரும்பாலும் எழுத்தாளர்கள் கூடும் அறையில் நடக்கிறது. கதை எங்கே திரும்ப வேண்டும், யார் சாக வேண்டும் என்பதெல்லாம் அங்கே முடிவாகும். ஜெஸ்ஸி பாத்திரத்தை முதல் சீசனிலேயே கொன்றுவிடுவதாகத்தான் திட்டம். ஆரன் பாலின் நடிப்பைப் பார்த்த கில்லிகன் மனதை மாற்றிக்கொண்டார்.

பணமும் அவர் கவலைதான். 2010இல் மூன்றாவது சீசனில் பட்ஜெட் இடித்தது. வெளியிடப் படப்பிடிப்புக்குக் காசில்லை. கிட்டத்தட்ட ஒரே ஆய்வுக்கூடத்துக்குள், ஒரு ஈயைத் துரத்துவதையே கதையாக்கி 'ஃப்ளை' என்ற அத்தியாயம் எடுத்தார்கள். செலவைக் கணக்குப் பார்த்துச் சொல்வது தயாரிப்பு நிர்வாகியின் வேலை. அதற்கேற்பக் கதையை வளைப்பது ஷோரன்னரின் பொறுப்பு.

'ஃப்ளை'யை இயக்கியவர் ரையன் ஜான்சன். ஷாட், நடிப்பு, ஒளி எல்லாம் இயக்குநர் கையில். ஆனால் படப்பிடிப்புக்கு முன்பே, ஒவ்வொரு காட்சியின் தொனியையும் அவருக்கு விளக்கிவிடுவார்கள். படத்தொகுப்பிலும் இயக்குநர் தன் வடிவத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அதன்பின் வெட்டுவதும் சேர்ப்பதும் ஷோரன்னர். அவருக்கு மேலே சேனல் மட்டுமே.