குடிபோகும் வீட்டுக்கு முதலில் எது, பிறகு எது?

முதன்முதலாகத் தனியாக வாடகை வீடு எடுத்தபோது நான் வாங்கிய முதல் பெரிய பொருள் வாஷிங் மெஷின். ஆடித் தள்ளுபடியில் கிடைத்தது. முன்பக்கம் கதவு வைத்த முழு ஆட்டோமேட்டிக். வீடு கடைசி மாடியில். தலைக்கு மேலேயே மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க். மாட்ட வந்த மெக்கானிக் குழாயைத் திறந்து, வாயில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "பிரஷர் பத்தாது சார், பம்ப் போடணும்" என்றார். இந்த வகை மெஷின்கள் பலவற்றுக்குத் தண்ணீர் ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரத்திலிருந்தாவது இறங்கி வர வேண்டும். கடைசி மாடிக்காரருக்கு அந்த உயரம் கிடைக்காது. பம்ப் வைக்க வீட்டுக்காரர் ஒப்பவில்லை. எட்டு மாதம் அது ஹாலில் டிவி வைக்கும் மேஜையாக நின்றது. நான் பக்கெட்டில் துவைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் என் தங்கையும் மாப்பிள்ளையும் பல்லாவரத்தில் ஒரு படுக்கையறை வீட்டுக்குக் குடிபோனார்கள். அட்வான்ஸ், தரகர் கமிஷன், வண்டிக் கூலி எல்லாம் போக அவர்கள் கையில் நின்றது 15,000 ரூபாய். "அண்ணா, லிஸ்ட் போட்டுக் குடு" என்றாள். பழைய வாஷிங் மெஷினை மனதில் வைத்துக்கொண்டு ஒரே கேள்வியால் பட்டியலைப் பிரித்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படியே பயன்படும் பொருளா? இப்போதே வாங்கு. அளவையும் வகையையும் இந்த வீடுதான் தீர்மானிக்குமா? ஒரு மாதம் அங்கே இருந்து பார்த்துவிட்டு வாங்கு.

பால் காய்ச்ச அடுப்பு வேண்டும், அதனால் அடுப்பிலிருந்தே தொடங்கினோம். சமையல் கேஸ் இணைப்புக்கு முகவரிச் சான்று கேட்பார்கள். வாடகை ஒப்பந்தம் கைக்கு வர நாளாகும். அதுவரைக்கும் 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. கேஸ் ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் அடையாள அட்டையை மட்டும் காட்டி வாங்கிக்கொள்ளலாம். கிலோ கணக்கில் பார்த்தால் வழக்கமான சிலிண்டரைவிட விலை கூடுதல்தான், அதனால் இதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டாம். இரட்டை பர்னர் அடுப்பு, ரெகுலேட்டர், டியூப், சிலிண்டர் எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய் ஆனது.

இண்டக்‌ஷன் அடுப்பு மலிவாயிற்றே என்று மாப்பிள்ளை கேட்டார். அதற்கு இரண்டு நிபந்தனை. ஒன்று, அடி தட்டையான, காந்தம் ஒட்டும் பாத்திரம் வேண்டும். அலுமினியக் குக்கர் வேலைக்கு ஆகாது. இன்னொன்று, 2,000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும். சாதாரணச் சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்குத்தான். அதில் மாட்டினால் பிளக் சூடாகி உருகும். அந்தச் சமையலறையில் பெரிய பவர் பிளக்கே இல்லை. கேள்வி அதோடு முடிந்தது.

அடுத்தது குக்கர். இரண்டு பேருக்கு மூன்று லிட்டர் போதும்; 1,300 ரூபாய். மிக்ஸியை 'பிறகு' பட்டியலில் போடச் சிலர் சொல்வார்கள். சட்னி அரைக்க முடியாத வீட்டில் ஒரு வாரத்திலேயே ஓட்டல் செலவு தொடங்கிவிடும் என்பது என் அனுபவம். 2,300 கொடுத்து வாங்கியாயிற்று. கிரைண்டர் வேண்டாம், தெருமுனையில் மாவு கிடைக்கிறது. தோசைக்கல்லும் கரண்டிகளும் 450. மற்ற பாத்திரத்துக்குக் கடைக்கே போகவில்லை. அம்மா வீட்டுப் பரணில் ஏணி போட்டு ஏறினோம். யார் யார் கல்யாணத்திலோ வந்த எவர்சில்வர் தூக்குகளும் டபராக்களும் அட்டைப்பெட்டி பிரிக்காமலே கிடந்தன. எல்லார் வீட்டுப் பரணும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், கேட்பதற்குத்தான் கூச்சம்.

பக்கெட், மக், துடைப்பம், மாப், குப்பைக்கூடை 1,000. இவை குடிபோகும் முதல் நாள் காலையிலேயே கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் சாமான் இறங்குவதற்கு முன்னால்தான் வீட்டைக் கழுவ முடியும். கோரைப்பாய், ஜமுக்காளம், தலையணை, போர்வை 1,500. எல்.இ.டி. பல்பு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஜன்னலுக்கு ஒட்டும் கொசுவலை 600. தண்ணீர் கேன் இரண்டு, டெபாசிட்டோடு 400. கடைசியாக, பலர் மறந்துவிடுகிற பூட்டு. நல்லதாக ஒன்று 450. பழைய பூட்டின் சாவி முன்பு குடியிருந்தவரிடம் இன்னொன்று இருக்கலாம்.

மொத்தம் 12,000. விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும், ஆனால் மீதி 3,000 ரூபாயைத் தொடாமல் வைத்ததுதான் முக்கியம். மூன்றாம் நாளே பாத்ரூம் குழாய் ஒழுகியது, பிளம்பர் வந்தார். ஜன்னல் திரை வாங்கச் சொல்லவில்லை. அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை இரண்டு ஜன்னலையும் மறைத்தது.

இனி அந்த ஒரு மாதம். மோட்டார் எப்போது போடுகிறார்கள், எந்தச் சுவர் மழையில் ஓதம் காக்கிறது, ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடுவாரா, கரண்டுக்கு யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார் என்பதெல்லாம் குடியிருந்தால்தான் தெரியும். கடைசிக் கேள்வி ஃப்ரிட்ஜுக்கு முக்கியம். மின்வாரியக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வாங்கும் வீட்டில் அந்தச் சலுகை குடித்தனக்காரர் கைக்கு வருவதில்லை.

கட்டிலைத் தள்ளிப்போட்டதில் ஒரு சிக்கல் வந்தது. யாரோ கொடுத்த மெத்தையைத் தரையிலேயே விரித்தார்கள். ஐப்பசி மழையில் இரண்டு வாரம் போனதும் அடிப்பக்கம் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை பூத்துவிட்டது. தரைத்தள வீடு, ஈரம் மேலே ஏறுகிறது. பாய் என்றால் காலையில் சுருட்டி வைத்துவிடலாம். மெத்தைதான் வேண்டுமென்றால் தினமும் சுவரில் சாய்த்து நிறுத்த வேண்டும். அதனால் அவர்கள் பட்டியலில் கட்டில் முன்னுக்கு வந்தது, பீரோ பின்னுக்குப் போனது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய இரும்புக் கட்டில் ஒன்று கிடைத்தது. கட்டில், நாற்காலி, அலமாரி பழையதாக இருக்கலாம். மெத்தை கூடாது, மூட்டைப்பூச்சி கூடவே வரும். குக்கரும் கூடாது; அதன் வால்வு எப்படி இருக்கிறது என்று பார்வைக்குத் தெரியாது.

பழைய ஃப்ரிட்ஜ் பார்க்கப் போனால் கதவிடுக்கில் ஒரு பத்து ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது, குளிர் வெளியேறும். புதிதோ பழையதோ, கடைக்குக் கிளம்பும் முன் வைக்கும் இடத்தை மட்டுமல்ல, மாடிப்படி திரும்பும் இடத்தையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

தங்கை மார்ச்சில் ஃப்ரிட்ஜ் வாங்கினாள். வாஷிங் மெஷின் இன்னும் வாங்கவில்லை. அங்கே மோட்டார் காலையில் ஒரு மணி நேரம்தான் ஓடுகிறது, குழாயில் எப்போதும் தண்ணீர் நிற்பதில்லை. வாங்கினால் பக்கெட்டில் தண்ணீர் ஊற்றினாலும் ஓடுகிற செமி ஆட்டோமேட்டிக்தான்.