ஊட்டி ஏரிச் சேறு ஏன் கறுப்பா இருக்கு? அந்த அழுகிய முட்டை வாடை எங்கிருந்து வருது?

ஊட்டி படகு இல்லம் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். செல்ஃபிக்கு அருமையான இடம். ஆனால் கோடப்பமந்து கால்வாய் வந்து சேரும் பக்கம் காற்று திரும்பினால், கை தானாக மூக்குக்குப் போகும். 'சாக்கடை கலக்குது, அதான் நாறுது' என்பார்கள். அது பாதிக் கதைதான்.

ஜான் சல்லிவன் 1820-களில் உருவாக்கிய இந்த ஏரிக்கு, நகரின் கழிவுநீர் உணவாக வந்து சேருகிறது. அடியில் இருக்கும் பாக்டீரியா அதைத் தின்று, ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். அப்புறம் சேற்றுக்குள் காற்றே கிடையாது. அங்கேதான் டீசல்ஃபோவிப்ரியோ போன்ற வகையினர் வேலையைத் தொடங்குவார்கள். நாம் ஆக்சிஜனைச் சுவாசிக்கிற மாதிரி, இவை சல்பேட்டைச் 'சுவாசித்து' ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடும். அழுகிய முட்டை வாடை அதுதான். மலை நீரில் சல்பேட் பொதுவாகக் குறைவு; சிறுநீரும் சோப்புத்தூளும் கலந்த கழிவுநீர் அதைக் கூட்டிவிடுகிறது. சேற்றிலிருந்து எழும் குமிழிகளில் அதிகம் இருப்பது மீத்தேன். அதற்கு வாடையே இல்லை. கொஞ்சமே இருக்கும் சல்பைடுதான் ஊரைக் கூட்டுது.

சரி, கறுப்பு? நீலகிரியின் செம்மண் சிவப்பாக இருக்கக் காரணம் இரும்பு. மழையில் கரைந்து ஏரிக்கு வரும் அந்த இரும்பு, சல்பைடோடு சேர்ந்தால் கரிய இரும்பு சல்பைடு ஆகிவிடும். குச்சியால் கொஞ்சம் சேற்றை எடுத்து வெள்ளைத்தாளில் தடவி வையுங்கள். சில மணி நேரத்தில் காற்று பட்டுப் பழுப்பாக மாறினால், அந்தக் கறுப்பு இதுதான்.

இந்த வாயுவை வழியிலேயே மடக்கும் காவலர்களும் உண்டு. சேற்றின் மேல், சல்பைடும் ஆக்சிஜனும் சந்திக்கும் மெல்லிய எல்லையில், பெக்கியாட்டோவா என்ற பாக்டீரியா வெள்ளை நூலாம்படை போலப் படரும். சல்பைடை எரித்துத்தான் அது பிழைக்கிறது. உடம்புக்குள் கந்தகத் துணுக்குகளைச் சேமிக்கவும் செய்யும். 1880-களில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இதைக் கவனித்துத்தான், உயிர்கள் கனிமப் பொருளிலிருந்தும் சக்தி பெற முடியும் என்று சொன்னார். இது கடைசியில் தரும் சல்பேட் மறுபடி கீழே இறங்கி, முதல் கோஷ்டிக்கே சாப்பாடாகும்.

சிக்கல் எங்கே? கழிவு அதிகமாகி மேல் தண்ணீரிலும் ஆக்சிஜன் தீர்ந்தால் காவலுக்கு ஆளில்லை. வாயு நேராக வெளியே வரும். திறந்த ஏரிக்கரையில் அது பெரும்பாலும் தொல்லையோடு போகும். மூடிய செப்டிக் டேங்கிலோ, பாதாளச் சாக்கடையிலோ அது எமன்: சுமார் 100 பிபிஎம் ஆனதும் மூக்கு மரத்துப்போகும். வாடை நின்றுவிட்டதே என்று உள்ளே இறங்குபவர் திரும்புவதில்லை.

தூர்வாரினால் தீர்ந்துவிடுமா? வாரும்போது கலங்கும் சல்பைடு, தண்ணீரில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். மீன் செத்து மிதக்கலாம். கரையில் கொட்டிய கறுப்புச் சேறு காய்ந்து பழுப்பாகும். கால்வாயில் கழிவு வந்துகொண்டே இருந்தால், ஏரிக்குள் புதுச் சேறு மறுபடி கறுக்கத் தொடங்கும்.