தற்கூற்று ஒலியனியல்

தற்கூற்று ஒலியனியல் (ஆட்டோசெக்மென்டல் ஒலியனியல்) என்பது ஒரு சொல்லின் ஒலிகளை ஒரே வரிசையில் கோத்த மணிகளாகப் பார்க்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பல அடுக்குகளாகப் பார்க்கும் மொழியியல் கோட்பாடாகும். ஜான் கோல்ட்ஸ்மித் 1976 ஆம் ஆண்டு எம்.ஐ.டி.யில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதை முன்வைத்தார். ஓர் அடுக்கில் கால இடங்களும், மற்ற அடுக்குகளில் தொனி, மூக்கொலிமை போன்ற கூறுகளும் இருக்கும். இவற்றை இணைப்புக் கோடுகள் பிணைக்கின்றன. அக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லக் கூடாது.

இக்கோட்பாடு தொனி மொழிகளிலிருந்து பிறந்தது. சியரா லியோனின் மெண்டே மொழியில் 'உயர்வு, தாழ்வு' என்ற ஒரே தொனி வடிவம் பல நீளமுள்ள சொற்களில் வருகிறது. ஈரசைச் சொல்லில் முதல் அசை உயர்ந்தும் இரண்டாவது தாழ்ந்தும் ஒலிக்கும். மூவசைச் சொல்லில் தாழ்வு கடைசி இரண்டு அசைகளுக்கும் பரவும். ஓரசைச் சொல்லிலோ இரு தொனிகளும் ஒரே உயிரில் ஏறி, குரல் சரிந்து இறங்கும். தொனி உயிரின் பகுதியாக இருந்தால் இது புதிராகவே நிற்கும்.

தமிழ் தொனி மொழி அன்று. எனினும் மதுரை உட்படத் தமிழகத்தின் பெரும்பகுதிப் பேச்சில் 'மரம்' என்ற சொல் இதே இயல்பைக் காட்டுகிறது. தனித்து வரும்போது இறுதி மகரத்துக்கு உதடுகள் மூடுவதில்லை. மெய் தன் கால இடத்தோடு மறைகிறது. ஆனால் அதன் மூக்கொலிமை மறையாமல் முந்தைய உயிரோடு இணைகிறது. அவ்வுயிரும் இதழ் குவிந்து ஒகரம் போல ஒலிக்கிறது. இது மகரத்தின் இதழ்த்தன்மை விட்டுச்சென்ற தடம் எனக் கொள்ளலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தால் உயிரின் ஒலி மாறுவதைக் கேட்கலாம். 'மரமா?' என்று உயிரில் தொடங்கும் விகுதி சேர்ந்தால் மகரம் திரும்பி வருகிறது.

'மரங்கள்' என்பதில் நடப்பது வேறு. அங்கே மூக்கொலிமையும் கால இடமும் நிலைத்திருக்க, இதழ்த்தன்மைக்குரிய கோடு மட்டும் அறுபடுகிறது. ககரத்தின் கடைநாப் பிறப்பிடம் இடப்புறம் பரவி இரண்டு இடங்களைப் பிடிக்கிறது. தகரத்துக்கு முன் 'மரந்தான்' என்றாவதும் இதே முறைதான். பேச்சில் 'மரங்க' எனும்போது ளகரம் எந்தச் சுவடும் இன்றிப் போய்விடுகிறது. உயிரில் தங்க அதனிடம் மூக்கொலிமை இல்லை.

இதற்கு நேர்மாறாக, ஒலி போய்க் காலம் மட்டும் மிஞ்சுவதும் உண்டு. 'பெயர்' பேச்சில் 'பேர்' ஆகிறது. யகரமும் அகரமும் விழுந்தாலும், அந்த அகரத்தின் ஒரு மாத்திரையை எகரம் எடுத்துக்கொண்டு ஏகாரமாக நீள்கிறது. தமிழ் இலக்கணக் கணக்குப்படி குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு ½ மாத்திரை. இரு வடிவங்களும் 2½ மாத்திரையே.