கோவாவில் வாடகை ஸ்கூட்டர்

கோவாவில் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது நம்பர் பிளேட்டை. வாடகைக்கு விட அனுமதி பெற்ற பெட்ரோல் வண்டியில் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் அது சொந்த உபயோக வண்டி. வாடகை குறைவாக இருந்தாலும் வேண்டாம். அதை வாடகைக்கு ஓட்டி விபத்து நேர்ந்தால், வண்டிக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்க இடமுண்டு. கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் பெற்ற உரிமத்தோடு புல்லட் ஓட்டினாலும் இதே சிக்கல்தான். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம் பின்னால் அமர்பவருக்கும் சட்டப்படி கட்டாயம். இரண்டாகக் கேட்டு வாங்க வேண்டும்.

சாவியை வாங்குமுன், கடைக்காரர் கண்ணெதிரே வண்டியைச் சுற்றிவந்து படம் எடுக்க வேண்டும். கண்ணாடியின் பின்புறம், பிரேக் பிடியின் நுனி, சைலன்சர் ஆகியவற்றில் பழைய கீறல்கள் எளிதில் கண்ணில் படாது. படங்களை அப்போதே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நேரமும் பதிவாகிவிடும்.