சேமித்த அரட்டைக் கோப்பில் என்னென்ன இருக்கும்?

ஜூம் கூட்டத்தில் நீங்கள் அரட்டையைச் சேமித்தால், உங்கள் திரையில் தெரிந்த செய்திகள் எல்லாம் அந்த உரைக் கோப்பில் சேரும். ஏன்? உங்கள் கணினி தனக்கு வந்ததையும் தான் அனுப்பியதையும்தான் எழுதுகிறது. ஆகவே, தோழி உங்களுக்குத் தனியாக அனுப்பிய "இவர் எப்போது முடிப்பார்?" என்ற வரியும், பொதுச் செய்திகளுக்கு நடுவே அங்கே நிற்கும். அதை அப்படியே குழுவுக்கு அனுப்பினால் வம்புதான். மற்ற இருவர் தங்களுக்குள் பேசியது உங்கள் கோப்பில் வராது. கூட்டத்தை நடத்துபவருக்கும் தெரியாது.

பள்ளி வகுப்பில் இதுவே சிக்கல்: ஒரு மாணவனை இன்னொருவன் தனியே சீண்டினால் ஆசிரியர் அறிய வழியில்லை. அதனால் நடத்துபவர் அரட்டை அமைப்பில் `Everyone and anyone directly` என்பதற்குப் பதில் `Everyone` என்று வைக்கலாம். பங்கேற்பாளர்கள் தங்களுக்குள் தனியே எழுதுவது நின்றுவிடும். கோப்பைப் பகிருமுன் தனிச்செய்தி வரிகளைத் தேடி நீக்கிவிடுங்கள்.