சலூனுக்கு வெளியிலிருந்து ஒரு மேனேஜர்: அதிகார எல்லையும் கணக்கும்

உரிமையாளரே கல்லாவில் அமர்ந்து நடத்தும் சலூனில் ஏழெட்டுப் பேர் வேலைக்குச் சேர்ந்ததும், அல்லது இரண்டாவது கிளை திறந்ததும் மேனேஜர் தேவைப்படுகிறார். பலரும் முதலில் யோசிப்பது மூத்த ஸ்டைலிஸ்ட்டை உயர்த்துவதைத்தான். ஆனால் அவருக்கென்றே வரும் வாடிக்கையாளர்களின் வருமானம் அப்போது குறைகிறது. நேற்றுவரை உடன் வேலை பார்த்தவர்களைக் கண்டிப்பதும் அவருக்குக் கடினம். வெளியாளுக்கு இந்தச் சிக்கல்கள் இல்லை. ஆனால் கடையின் பழக்கவழக்கம் தெரியாது. அவருக்கு முடிவெட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பில்லைப் படிக்கவும் ஆட்களை நடத்தவும் தெரிந்தால் போதும். நேர்காணலில் வாடிக்கையாளர் பெயர்களை மறைத்து ஒரு மாத பில்களைக் கொடுத்து, அவற்றில் என்ன தெரிகிறது என்று கேட்டால் அந்தத் திறமை வெளிப்பட்டுவிடும்.

சேரும் நாளிலேயே அதிகார எல்லையைத் தொகையாகவும் நாளாகவும் எழுதிவிட வேண்டும். மாதம் 6 லட்சம் ரூபாய்க்கு விற்கும் ஒரு சலூனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அங்கே மேனேஜர் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய், மாதத்துக்கு 20,000 ரூபாய் வரை பொருள் வாங்கலாம். பில்லில் 10 சதவீதம் வரை தள்ளுபடி தரலாம். கலரிங் சரியில்லை என்று 7 நாளுக்குள் வருபவருக்கு இலவசமாக மறுபடி செய்து தரலாம். இரண்டு நாள் வரை விடுப்பு தரலாம். புதிய ஆளைச் சேர்ப்பது, நீக்குவது, சம்பளம் உயர்த்துவது ஆகியவற்றை அவர் பரிந்துரைக்கலாம், முடிவு உரிமையாளருடையது. வங்கிக் கணக்கும், கவுண்ட்டரில் வைக்கும் கியூஆர் அட்டையும் கடையின் பெயரிலேயே இருக்க வேண்டும்.

இந்த எல்லை உரிமையாளரையும் கட்டுப்படுத்தும். மேனேஜர் மறுத்த விடுப்பை, ஊழியர் நேரே உரிமையாளருக்கு போன் செய்து ஒரு முறை வாங்கிவிட்டால், மறுநாளிலிருந்து மேனேஜர் சொல்லை யாரும் கேட்க மாட்டார்கள். "மேனேஜரிடம் பேசுங்கள்" என்பதே உரிமையாளரின் பதிலாக இருக்க வேண்டும். மேனேஜரைப் பற்றிய புகார், சம்பளப் பாக்கி, பாலியல் தொல்லை ஆகியவற்றுக்கு மட்டும் நேர்வழி திறந்திருக்கும். உரிமையாளரின் உறவினருக்குத் தரும் சலுகையும் அவர் பெயரில் தனியாகப் பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த இழப்பு மேனேஜர் கணக்கில் ஏறும்.

இலக்கு வைப்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. மொத்த விற்பனையை மட்டும் இலக்காக்கினால், முன்பணம் வாங்கும் பேக்கேஜ்களை விற்றே அதை எட்டிவிட முடியும். மேற்சொன்ன சலூனில் 6 லட்சத்துக்கு மேல் வரும் விற்பனையில் 5 சதவீதம் இன்சென்டிவ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் 7 லட்சம் வசூலாகிறது. இன்சென்டிவ் 5,000 ரூபாய். ஆனால் அதில் 1 லட்சம் புதிய பேக்கேஜ் பணம்; அதில் 15,000 ரூபாய்க்கான சேவைதான் அந்த மாதம் நடந்தது. மீதி 85,000 ரூபாய் இனிமேல் செய்து தர வேண்டிய வேலை. அதைக் கழித்தால் விற்பனை 6,15,000. சரியான இன்சென்டிவ் 750 ரூபாய். ஆகவே ஜிஎஸ்டியும் தள்ளுபடியும் நீக்கி, செய்து முடித்த சேவையை மட்டுமே விற்பனையாக எண்ண வேண்டும். கூடவே, புதிதாக வந்தவர்களில் எத்தனை பேர் 90 நாளுக்குள் திரும்பி வந்தார்கள் என்பதை இரண்டாவது இலக்காக வைத்தால், தள்ளுபடியால் வந்த கூட்டமும் நல்ல வேலையால் வந்த கூட்டமும் பிரிந்து தெரியும்.

பொறுப்பு கேட்பதற்கு மூன்று பதிவுகள் போதும். தினமும் கடை மூடும்போது பில் தொகையும் பணமும் ஒப்பிடப்பட்டு, மறுநாள் பணம் வங்கிக்குப் போக வேண்டும். ரத்தான பில்லுக்கும் கூடுதல் தள்ளுபடிக்கும் காரணம் எழுதப்பட வேண்டும். மாதம் ஒருமுறை உரிமையாளர் ஸ்டாக்கைத் தானே எண்ண வேண்டும். 60 கிராம் கலர் ட்யூப் 40 தீர்ந்திருக்கிறது என்றால் செலவு 2,400 கிராம். வேர்ப்பகுதி டச்-அப்புக்கு அந்தக் கடையில் சராசரியாக 40 கிராம் ஆகும் என்றால் 60 பில் இருக்க வேண்டும். 45 தான் இருந்தால், கலர் வீணாகிறது, அல்லது பில் போடாமல் வேலை நடக்கிறது. நீளமான கூந்தலுக்கு முழுக் கலரிங் செய்ததாலும் கணக்கு மாறலாம். எனவே யார் மீதும் குற்றம் சுமத்தும் முன் கலவைக் குறிப்பேட்டைப் பார்க்க வேண்டும்.

வாரம் ஒருமுறை குறித்த நேரத்தில் அரை மணி நேரம் இருவரும் அமர்ந்து இந்தப் பதிவுகளைப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் கழித்து எல்லைகளைத் திருத்தலாம். பணமும் ஸ்டாக்கும் பொருந்தி, வாடிக்கையாளர் திரும்பி வந்தால் வாங்கும் வரம்பை உயர்த்தலாம். எந்த எல்லை அடிக்கடி மீறப்படுகிறதோ, அது தேவைக்குக் குறைவாக வைக்கப்பட்டதா, மேனேஜர் மதிக்கவில்லையா என்பதை எழுதிய காரணங்களே காட்டும்.